தஞ்சாவூர்க் கல்லும் மூப்பரின் ஜீவிய சரித்திரமும்

ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமச் சபைகளில் ஒரு மூப்பர் இறந்துபோனால், துக்க வீட்டில் யாராவது ஒருவர் கையில் நீளத்தாளைக் கொடுத்து, "ஜீவிய சரித்திரம் எழுதிடுங்க சார்" என்று திண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அவர் சபையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியராகவோ, வெளியூரிலிருந்து வந்த மருமகனாகவோ இருப்பார். பெட்டி வந்துவிட்டது, குழி வெட்ட ஆள் போயாயிற்று, போதகர் ஐயா நான்கு மணிக்கு வருகிறார். எழுதுகிறவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் நான்கு பேர் வந்து நான்கு பெயர்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படி எழுதப்படும் தாளுக்கு ஒரே அமைப்புதான். பிறந்த தேதி, பெற்றோர், ஞானஸ்நானம், படிப்பு, திருமணம், பிள்ளைகளும் அவர்கள் பார்க்கும் வேலையும், வகித்த பொறுப்புகள், நோய், மருத்துவமனை, கர்த்தருக்குள் நித்திரையடைந்த நேரம். நடுவில் மூன்று வசனங்கள், கடைசியில் டாக்டர்களுக்கு நன்றி. வாசிக்க இருபது நிமிடம் ஆகும். அதன் பிறகு சங்கத் தலைவர், கட்சிக்காரர், சம்பந்தி வீட்டார் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். இத்தனை பேசியும், முப்பது நாற்பது வருடம் அந்தக் கோவிலைத் திறந்து மூடிய மனிதர் எப்படிப்பட்டவர் என்பது கூட்டத்தில் முதல்முறை வந்தவருக்குத் தெரிந்திருக்காது.

நீளம் மட்டும் காரணம் என்றால் வெட்டிவிடலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு ஒரு அளவுகோல் இல்லாததுதான் சிக்கல். அந்த அளவுகோல் தமிழ்நாட்டிலேயே, இருநூறு வருடங்களுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டு, தஞ்சாவூரில் இருக்கிறது.

கிறிஸ்டியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் பிரஷ்யாவிலுள்ள சோனென்பர்க் என்ற ஊரில் 1726இல் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனெரி. திருச்சியில் பல வருடங்கள், பிறகு தஞ்சாவூர். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா 1787இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, தான் தத்தெடுத்திருந்த பத்து வயதுப் பையன் சரபோஜியை இவர் பொறுப்பில் ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே அந்தப் பையன் படித்து ஆளானதற்குச் சுவார்ட்ஸ் ஒரு முக்கியக் காரணம். 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இறந்தார். சரபோஜி வந்து முகத்தைப் பார்த்து அழுது, உடலின் மேல் பொன்னாடை போர்த்தினார். பாட்டுப் பாடிக்கொண்டு உடலை எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏழைகள் கூடி அழுத அழுகையில் பாட முடியாமல் போனது. அதே ஆண்டின் நடுவில் சரபோஜி அரியணை ஏறினார்.

அவர் சுவார்ட்ஸின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறு பாட்டு எழுதினார். பத்து வரிக்குள் அடங்கும், சொற்கள் அறுபதைத் தாண்டாது. இந்திய அரசர் ஒருவர் ஆங்கிலத்தில் செய்யுள் எழுதியது அக்காலத்தில் புதுமை என்பதால், 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர் அதைத் தனியாகக் குறித்துவைத்தார். கவிதையாகப் பார்த்தால் அது சுமார் ரகம், எதுகைக்காகச் சில இடங்களில் இழுத்துக் கட்டியிருக்கிறது. இரங்கல் உரையாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அதன் போக்கைச் சொல்கிறேன். முழுப் பாட்டும் இறந்தவரை நேரே பார்த்து, 'நீர்' என்று பேசுகிறது. முதல் இரண்டு வரியில் குணம்: உறுதி, பணிவு, நேர்மை, வேஷம் இல்லாமை. அடுத்தது செயல்: பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் துக்கப்பட்டவர்களுக்கும் யாராக இருந்தார் என்பது. பிறகு அவருடைய ஊழியம்: இருட்டில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் காட்டியது, நல்லதைச் சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியது. அதன்பின் ஒரே வரியில் மூன்று வட்டம், அரசர்களுக்கு, மக்களுக்கு, எனக்கு. கடைசியில் ஒரு வேண்டுதல், உமக்குத் தகுதியான பிள்ளையாக நான் இருக்க வேண்டும் என்று. கீழே கையெழுத்துப் போலத் தன் பெயர்.

பிறந்த தேதி இதில் இல்லை, பதவி இல்லை. ஐதர் அலியிடம் 1779இல் தூது போனது இல்லை. கட்டிய கோவில்கள் இல்லை. சரபோஜிக்கு இவையெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டார்.

அந்த விடுதலின் மதிப்பு, இன்னொரு கல்லைப் பார்த்தால்தான் தெரியும். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் அதே சுவார்ட்ஸுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தது. அதில் உள்ள ஆங்கில வாசகம் சரபோஜியின் பாட்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீளம். எந்தச் சங்கம் அனுப்பியது, எத்தனை வருட ஊழியம், தஞ்சைக் கோவிலைச் சொந்தச் சம்பளத்தின் மிச்சத்தையும் போட்டுக் கட்டியது, ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் பள்ளிகள் தொடங்கியது, ஐதர் அலி அவரைத் தடுக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது, துளஜா பிள்ளையை ஒப்படைக்க விரும்பியது, கடைசி மூச்சு வரை எல்லாம் வரிசையாக வருகிறது. பொய் என்று ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்காரருக்கு இதுதான் பயன்படும். நானும் இந்தக் கட்டுரைக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் அந்த வாசகத்தைப் படித்து முடித்ததும் நினைவில் நிற்பது, அவரால் கம்பெனிக்குக் கிடைத்த பயன்தான். அவருடைய நேர்மையில் ஜனங்கள் வைத்த நம்பிக்கை அரசு வேலைக்கு உதவியது என்று அந்தக் கல்லே சொல்கிறது. நன்றியும் அதற்குத்தான். 'நாங்கள்' என்று பேசும் நிறுவனத்துக்கு அழத் தெரியாது, அதை அதன் குற்றமாகச் சொல்ல முடியாது. நம் ஊர் ஜீவிய சரித்திரங்கள் அறியாமலே கம்பெனிக் கல்லின் வழியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. எழுதுகிறவர் ஒரு மனிதராக இருந்தும், கமிட்டியின் குரலில் எழுதுகிறார்.

இரண்டு கல்லிலும் வேதவசனம் எப்படி வருகிறது என்பது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். கம்பெனி வாசகம், இயேசு நன்மை செய்தபடி சுற்றித்திரிந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 10:38இன் சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்துச் சுவார்ட்ஸுக்குச் சூட்டுகிறது. சரபோஜியின் பாட்டில் மேற்கோள் குறி கிடையாது, அதிகாரம் வசன எண் கிடையாது. ஆனால் அநாதைகளையும் விதவைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்ன அந்த வரிக்குப் பின்னால் 68ஆம் சங்கீதம் இருக்கிறது என்பது வேதம் வாசிக்கிறவருக்குக் கேட்டவுடன் தெரியும். இருட்டும் வெளிச்சமும் ஏசாயாவிலிருந்து வருகின்றன. சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை, கடைசிவரை சைவ மரபில் நின்ற அரசர். தன் ஆசிரியர் வாயில் பல வருடம் கேட்ட பேச்சை, அவருடைய பேச்சாகவே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். மதம் வேறாக இருந்தும் அந்த வரி ஒட்டவைத்ததுபோல் தெரியாததற்குக் காரணம் இதுதான். மற்றொரு காரணமும் உண்டு. தஞ்சாவூருக்குக் கிழக்கே தன் வீட்டையே சுவார்ட்ஸ் அநாதைப் பிள்ளைகள் விடுதியாக்கியிருந்தார். அந்த வசனத்துக்கு அவர் வாழ்க்கையில் ஒரு முகவரி இருந்தது.

நம் அடக்க ஆராதனைகளில் அதிகம் அடிபடும் வசனம் 2 தீமோத்தேயு 4:7. பவுல் தான் போராடியதையும் ஓடி முடித்ததையும் சொல்லும் இடம். பவுல் அதைச் சொன்னது தன்னைப் பற்றி, சாவை எதிர்பார்த்துக்கொண்டு. அதையே நாம் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும்போது அது நாம் எழுதிக் கொடுக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. எல்லா மூப்பருக்கும் அதே சான்றிதழ். மூப்பர் அந்த வசனத்தை உண்மையாகவே தன் வேதாகமத்தில் கோடிட்டு வைத்திருந்தார் என்றால் அது வேறு விஷயம், அப்போது தாராளமாகச் சொல்லலாம். ஆகவே வசனம் தேடுகிறவர் போக வேண்டிய இடம் ஒத்தவாக்கிய அகராதி அன்று. இறந்தவரின் வேதாகமத்தை வாங்கி, எந்தப் பக்கம் அழுக்கேறி மடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் அவர் ஜெபத்தில் எப்போதும் சொல்லும் வார்த்தை எது என்று வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும். உடனே சொல்லிவிடுவார்கள். ஒரு வசனம் போதும்.

அடக்கத்தில் வாழ்க்கை வரலாறு வாசிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? திருக்கோவிலூர் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் டேனிஷ் மிஷன் வேலை செய்த பகுதி. அதன் வாரிசுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. லுத்தரன்களிடம் அடக்கப் பிரசங்கத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1532இல் சாக்சனி ஆட்சியாளர் யோவான் இறந்தபோது விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் மார்ட்டின் லூதர் பிரசங்கித்தார். எடுத்துக்கொண்டது 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம். லூதர் அந்த ஆட்சியாளரை மதித்தவர், ஆனாலும் அவருடைய பெருமைகளை அடுக்கப்போவதில்லை என்றும், அவரும் நம்மைப்போலப் பாவ மன்னிப்பை நம்பி இருந்த மனிதர்தான் என்றும் சொல்லிவிட்டுக் கிறிஸ்துவின் மரணத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த தலைமுறைகளில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பிரசங்கத்தின் முடிவில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு என்று ஒரு பகுதி சேர்ந்தது, பிறகு அது வளர்ந்தது. வசதியுள்ள ஜெர்மன் குடும்பங்கள் பிரசங்கத்தையும் குறிப்பையும் அச்சிட்டு விநியோகித்தன. பதினேழாம் நூற்றாண்டில் இது உச்சத்துக்குப் போய், அடக்கப் பிரசங்கம் என்றால் பொய்ப் பிரசங்கம் என்று ஜனங்களே கேலி பேசும் நிலை வந்தது. மூப்பரின் தாள் அந்த வழக்கத்தின் தூரத்துப் பேரன் என்று நினைக்க இடமிருக்கிறது. பெருத்துப்போகும் நோயும் பரம்பரையாக வந்திருக்கலாம்.

கத்தோலிக்கச் சபை இதற்குச் சட்டமாகவே ஒரு வேலி போட்டிருக்கிறது. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 382ஆம் எண்ணில், அடக்கத் திருப்பலியில் பொதுவாகச் சுருக்கமான மறையுரை ஒன்று இருக்க வேண்டும், ஆனால் அது புகழுரையாக இருக்கக்கூடாது என்று சொல்கிறது. குடும்பத்தார் ஒருவர் நினைவுகூர்ந்து பேசலாம், அது இறுதிப் பிரியாவிடைச் சடங்குக்கு முன்னால். பேச்சைத் தடுப்பது இந்த விதியின் நோக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. குருவின் வேலை ஒன்று, உறவினரின் வேலை வேறொன்று என்று பிரித்துவைக்கிறது, அவ்வளவுதான். லுத்தரன் சபையில் வாசிக்கப்படும் தாளுக்கும் இந்தப் பிரிவு உதவும். உயிர்த்தெழுதலைப் பற்றிப் போதகர் பேசுவார். தாள் எழுதுகிறவர் அந்த மனிதரைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

அந்த மனிதரைப் பற்றி எழுதுவது எப்படி என்பதற்கு நம் வட்டாரத்துக்கே சொந்தமான ஒரு வழக்கம் உண்டு, அது லூதருக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் இருக்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்ற செய்தி, முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டாகத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் இருக்கிறது. புறநானூற்றில் பாரியை இழந்து கபிலர் பாடியவற்றைக் கையறுநிலை என்பார்கள். அந்தத் துறையின் இயல்பு என்னவென்றால், இறந்தவனின் பெருமையைப் பாடுகிறவனுடைய இழப்பின் வழியாகச் சொல்வது. நண்பன் போனான், மலை இருக்கிறது, அதைத் தாண்டிப் போகிறேன் என்ற நிலை. சரபோஜி கபிலரைப் படித்திருக்க வழியில்லை, அவர் காலத்தில் புறநானூறு அச்சேறவே இல்லை. ஆனால் அவர் எழுதிய 'எனக்கு' என்ற சொல் கையறுநிலையின் இடத்தில்தான் போய் உட்கார்கிறது.

அந்த 'எனக்கு' ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவும் அரசர்களுக்கும் மக்களுக்கும் பிறகு, கடைசியாக. இதைத் தலைகீழாகச் செய்தால் இரங்கல் உரை பேசுகிறவரின் சுயசரிதை ஆகிவிடும். "ஐயா என்னை ரொம்ப நேசித்தார், என்னைப் பார்த்தால் இப்படிச் சொல்வார், எனக்கு அப்படிச் செய்தார்" என்று தொடங்குகிறவர்களைக் கூட்டம் பத்தாவது வாக்கியத்தில் கைவிட்டுவிடும். வேதத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் 2 சாமுவேல் முதல் அதிகாரம். சவுலும் யோனத்தானும் இறந்தபோது தாவீது பாடிய புலம்பல் முதலில் நாட்டின் இழப்பைச் சொல்கிறது, பிறகு இரண்டு வீரர்களையும் சேர்த்துச் சொல்கிறது, யோனத்தான் தனக்கு யார் என்பது முடியப்போகும் நேரத்தில் வருகிறது. தன்னைக் கொல்லத் துரத்திய சவுலைப் பற்றி ஒரு கசப்பான சொல் அதில் இல்லை, அவன் தன்னை நேசித்தான் என்ற பொய்யும் இல்லை.

நன்றி சொல்வதற்கு அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் தபீத்தாள் இறந்த இடத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பேதுரு மேல்வீட்டு அறைக்கு வந்ததும், அங்கே அழுதுகொண்டிருந்த விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் தாராள குணமுள்ளவள், ஏழைகளுக்கு இரங்கியவள் என்று அவர்கள் பேசியதாக எழுதவில்லை. துணியைக் காட்டினார்கள். தாள் எழுத உட்கார்ந்தவர் தேட வேண்டியது அந்தத் துணியை.

ஒரு மூப்பரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ரிஷிவந்தியம் ஒன்றியத்தில் ஒரு கிராமம், நாற்பது ஐம்பது குடும்பம் உள்ள சபை. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு ஏக்கர் கரும்பு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் பதிவு. கோவில் சாவி அவரிடம். காணிக்கை எண்ணுவது அவர். கணக்கு விஷயத்தில் கடுமையானவர், அதனால் இரண்டு குடும்பங்கள் சில வருடம் கோவிலுக்கு வராமல் இருந்தன. வழக்கமான தாள் இப்படிப் போகும்: "ஐயா அவர்கள் சபையின் பல்வேறு பொறுப்புகளைத் திறம்பட வகித்து, அனைவரிடமும் அன்பாகவும் பண்பாகவும் பழகி, ஏழை எளியோருக்கு உதவி செய்து, ஜெப வீரராக விளங்கினார்கள்." இந்த வாக்கியத்தைப் பக்கத்து ஊர் மூப்பருக்கும் வாசிக்கலாம். 'அனைவரிடமும்' என்று வரும்போது அந்த இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

இதைச் சரபோஜி வழியில் எழுத உட்கார்ந்தால் முதலில் மூன்று பேரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மனைவியிடம்: ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் என்ன செய்வார்? கூடவே காணிக்கை எண்ணியவரிடம்: எதற்குக் கோபப்படுவார்? தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒருவரிடம்: உனக்கு என்ன செய்தார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவரையே வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது. பதில்களை வைத்து எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"மூப்பர் ஐயா, இந்தக் கோவில் சாவி நாற்பது வருஷம் உங்க இடுப்புல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க முதல் மணி அடிச்ச பிறகுதான் எங்க தெருவுல அடுப்பு பத்தவைப்பாங்க. ஆலைக்குக் கரும்பு வெட்டி ராத்திரியெல்லாம் வண்டியோட நின்ன நாள்லயும் அந்த மணி தப்பினதில்ல. காணிக்கைக் கணக்குல ஒரு ரூபா உதைச்சாலும் எங்களை வீட்டுக்கு விடமாட்டீங்க. அதுல எங்கள்ல சிலபேருக்கு வருத்தம் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். இன்னிக்கு அந்தக் கணக்கு நோட்டை யாரும் திறந்து பார்க்கலாம். எங்கப்பா செத்த வருஷம் நான் பத்தாவது. பரீட்சை ஃபீஸ் கட்டப் போனப்ப, ஏற்கெனவே கட்டியாச்சுன்னு ரசீதைக் கையில கொடுத்தாங்க. யாருன்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லல. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஆண்டவர் தகப்பன்னு ஜெபம் பண்றப்பல்லாம் சொல்வீங்க, அன்னிக்குத்தான் எனக்கு அது புரிஞ்சுது. நீங்க அடிச்ச மணியை நாளைக்கு நாங்க அடிக்கணும். நேரத்துக்கு அடிக்க எங்களுக்குப் புத்தி வரட்டும்."

நிதானமாக வாசித்தாலும் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பிறப்பு, திருமணம், குடும்பத்தார் பெயர்கள் எல்லாம் வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள், அது நியாயமான கோரிக்கை. பெயர் விட்டுப்போனால் அதற்கு ஒரு வருடம் சண்டை நடக்கும். அவற்றைத் தனியாக ஒரு நிமிடக் குறிப்பாகப் போதகரோ செயலரோ முதலில் வாசித்துவிடலாம். குறிப்பும் உரையும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

மேலே உள்ள உரையில் சண்டை விஷயத்தைத் தொட்டது துணிச்சல் என்று சிலர் சொல்லக்கூடும். எல்லா வீட்டிலும் இது செல்லாது. பிரிந்த குடும்பங்கள் அடக்கத்துக்கு வந்திருக்கின்றனவா, மனைவி அதைக் கேட்கச் சம்மதிக்கிறாரா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் அந்த இரண்டு வாக்கியத்தை எடுத்துவிட்டுக் கண்டிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எந்த நிலையிலும் 'அனைவரிடமும் அன்பாக' என்று மட்டும் எழுதிவிடக்கூடாது. குறை இருந்த மனிதர் என்று கூட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்போது குறையே இல்லாதவர் என்று வாசித்தால், உண்மையாகச் சொன்ன மற்றவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள். ஜெர்மானியர் கேலி பேசியது இதைத்தான்.

வாசிக்கிற இடத்தில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் வரும். ரசீது வாக்கியத்தில் வாசிக்கிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அது தவறில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒரு பக்கம் மீதி இருந்தால் அந்தப் பக்கம் போய்விடும். அதனால்தான் சொந்த நினைவு முடிவை ஒட்டி வர வேண்டும், அதற்கப்புறம் இரண்டு மூன்று சின்ன வாக்கியத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சரபோஜியின் பாட்டிலும் 'எனக்கு' என்பதற்குப் பிறகு இருப்பது வேண்டுதலும் பெயரும் மட்டுமே. எதற்கும் தாளின் இன்னொரு படியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

அந்தத் தாள் அதன்பிறகு என்ன ஆகிறது? சட்டைப் பையில் மடிந்து, அடுத்த வெளுப்பில் கரைந்துபோகிறது. சபையின் அடக்கப் பதிவேட்டில் இருப்பது பெயர், வயது, தேதி இவைதான். பொய்ப் பிரசங்கம் என்று கேலி பேசப்பட்ட ஜெர்மன் தாள்கள்கூட அச்சில் ஏறியதால் பல்லாயிரக்கணக்கில் நூலகங்களில் தங்கிவிட்டன. சாதாரண ஊர்களில் யார் என்ன நோயில் இறந்தார்கள், பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதை அறிய இன்றைய வரலாற்றாசிரியர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமச் சபைகளைப் பற்றி மிஷனெரிகள் எழுதியது ஓரளவு இருக்கிறது. சபையார் தாங்களே தங்கள் பெரியவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சபைச் செயலர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாசித்து முடிந்ததும் அந்தத் தாளை வாங்கி, தேதி எழுதி, எழுதியவரிடம் கையெழுத்து வாங்கி, அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.